வட்டத்தைச் சுற்றிய நூல்: சுற்றளவு – விட்டம் பாடத்தின் வரலாறு

வட்டமான பல பொருள்களின் விளிம்பை நூலால் சுற்றி அளந்து, அந்த அளவை விட்டத்தால் வகுத்து, எல்லாப் பொருள்களுக்கும் ஏறக்குறைய ஒரே எண் கிடைப்பதைக் காண்பது நடுநிலைப் பள்ளிக் கணக்குப் பாடங்களில் நன்கு அறியப்பட்ட ஒரு செயல்பாடு. இதற்கு ஒரு நூல், ஓர் அளவுகோல், வீட்டிலிருந்து கொண்டுவந்த மூடி, டம்ளர், தட்டு ஆகியவை போதும். முடிவில் ஆசிரியர் கரும்பலகையில் π என்று எழுதி, அதன் மதிப்பு 3.14 அல்லது 22/7 என்கிறார்.

ஆனால் மாணவரின் குறிப்பேட்டில் பெரும்பாலும் 3.14 இருப்பதில்லை. ஒருவருக்கு 3.2 வந்திருக்கும், இன்னொருவருக்கு 3.37, மற்றொருவருக்கு 3.05. அப்போது சிலர் தாம் அளந்த எண்ணை அழித்துவிட்டு, விடை சரியாக வரும்படி வேறொன்றை எழுதிக்கொள்கிறார்கள். கண்ணால் கண்டதை விடப் பலகையில் உள்ளதே உண்மை என்ற முடிவுக்கு அவர்கள் வந்துவிடுகிறார்கள். அளந்து அறிவதற்காக வைக்கப்பட்ட பாடம், அளவை நம்பாதே என்று கற்பித்து முடிகிறது.

நூல் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பது தெளிவானால் இந்தச் சிக்கல் தீரும். வட்டத்தை அளந்த மனிதர்களின் வரலாறு அந்தத் தெளிவைத் தருகிறது. அவர்களும் முதலில் நூலால்தான் அளந்தார்கள். ஓர் இடத்தில் நூல் நின்றுபோக, அதற்கப்பால் கணக்கு தொடங்கியது. பல நூற்றாண்டுகள் கழித்து நூல் மீண்டும் வகுப்பறைக்குள் வந்தது.

முப்பது முழ நூல்

நூலால் வட்டத்தை அளந்ததற்குப் பழைய பதிவு ஒன்று எபிரேய வேதாகமத்தில், அரசர்களின் வரலாற்றைச் சொல்லும் முதல் நூலின் 7ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. சாலமோன் அரசர் கட்டிய ஆலயத்தில் வெண்கலத்தால் வார்க்கப்பட்ட பெரிய தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்தது. அது வட்டமானது, ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் பத்து முழம், அதைச் சுற்றிப் பிடித்த நூல் முப்பது முழம் என்று அப்பகுதி விவரிக்கிறது. வகுத்துப் பார்த்தால் விகிதம் சரியாக 3.

இதைப் பிழை என்று தள்ளுவோரும் உண்டு, இதற்குள் மறைபொருள் தேடுவோரும் உண்டு. அளந்து பழகியவருக்கு இரண்டும் தேவையில்லை. முழம் என்பது முழங்கையிலிருந்து விரல்நுனி வரையிலான நீளம். முழு முழங்களில் மட்டும் அளவைச் சொல்வதானால், உண்மையில் ஒன்பதரை முழத்துக்குச் சற்று மேல் விட்டமுள்ள தொட்டியும் 'பத்து முழம்' ஆகிவிடும். அத்தகைய தொட்டியின் சுற்றளவு முப்பது முழம்தான். அளவைச் சொன்ன அலகு பெரிதாக இருந்ததால், மூன்றுக்கு மேல் உள்ள சிறு மிச்சம் அதில் அடங்கிப்போனது என்று இதற்குப் பொருள் சொல்லலாம்.

இன்னொரு விளக்கமும் பழையதுதான். அதே அதிகாரம் தொட்டிச் சுவரின் தடிமன் ஒரு கை அகலம், அதாவது நான்கு விரல் என்கிறது. விட்டத்தை வெளிவிளிம்பிலிருந்தும் சுற்றளவை உள்விளிம்பிலும் எடுத்திருந்தால் என்ன ஆகும்? ஒரு முழத்துக்கு 24 விரல் எனக் கொண்டால் வெளிவிட்டம் 240 விரல். இருபுறமும் நான்கு நான்கு விரல் கழிய உள்விட்டம் 232 விரல். அதன் சுற்றளவு ஏறக்குறைய 729 விரல், அதாவது 30.4 முழம். முப்பதுக்கு இது மிக அருகில் வருகிறது. தொட்டியை உண்மையில் அப்படித்தான் அளந்தார்கள் என்று இதைக் கொண்டு சொல்லிவிட முடியாது. எனினும், டம்ளரின் வெளிப்பக்கம் நூலைச் சுற்றிவிட்டு உள்விட்டத்தை அளக்கும் மாணவர் செய்யும் பிழையும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். அங்கே விகிதம் கூடுகிறது, இங்கே குறைகிறது.

மூன்று என்ற மதிப்பு அன்றாட வேலைக்குப் போதுமானதாகவே இருந்தது. பாபிலோனியக் களிமண் பலகைகளில் பல கணக்குகள் சுற்றளவு விட்டத்தின் மூன்று மடங்கு என்று கொண்டே செய்யப்பட்டுள்ளன. யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவும் சுற்றி மூன்று கை அகலம் உள்ள பொருளுக்குக் குறுக்கே ஒரு கை அகலம் என்ற நடைமுறை விதியைத் தருகிறது. இவை வட்டம் சிறிதானாலும் பெரிதானாலும் விகிதம் ஒன்றே என்பதை ஏற்றுக்கொண்டு எழுந்த விதிகள். இன்றைய பாடத்தின் முதற்பாதி அக்காலத்திலேயே தெரிந்திருந்தது.

மூன்று எங்கே இருக்கிறது?

மூன்று என்ற எண் வட்டத்துக்கு உரியது அல்ல, வட்டத்துக்குள் வரையப்படும் அறுகோணத்துக்கு உரியது. இதைத் தெளிவாக எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர் சீனக் கணித அறிஞர் லியூ ஹுய். 'ஒன்பது அதிகாரங்கள்' என்ற பழைய சீனக் கணித நூலுக்கு அவர் கி.பி. 263இல் உரை எழுதினார். சுற்றளவு விட்டத்தின் மூன்று மடங்கு என்போர் உண்மையில் அறுகோணத்தின் சுற்றளவையே கணக்கிடுகிறார்கள் என்று அவர் சுட்டிக்காட்டினார்.

இதைக் கவராயம் கொண்டு எந்த மாணவரும் சரிபார்க்கலாம். ஒரு வட்டம் வரைந்து, கவராயத்தின் அகலத்தை மாற்றாமல் விளிம்பில் வைத்துக்கொண்டே போனால் சரியாக ஆறாவது அடியில் தொடங்கிய இடத்துக்கு வந்துசேரும். அந்த ஆறு புள்ளிகளை நேர்கோடுகளால் இணைத்தால் அறுகோணம் கிடைக்கும். அதன் ஒவ்வொரு பக்கமும் ஆரத்துக்குச் சமம். ஆறு ஆரம் என்றால் மூன்று விட்டம். வட்டத்தின் விளிம்போ ஒவ்வொரு பக்கத்துக்கும் வெளியே சற்று வளைந்து செல்கிறது. ஆகவே அதன் நீளம் மூன்று விட்டத்தை விடக் கூடுதலாகவே இருக்கவேண்டும். இதற்கு நூலும் தேவையில்லை, அளவுகோலும் தேவையில்லை.

இந்தப் படம் இன்னொன்றையும் சொல்கிறது. சிறிய வட்டத்துக்குள் வரைந்த அறுகோணமும் பெரிய வட்டத்துக்குள் வரைந்த அறுகோணமும் ஒரே வடிவம், அளவில் மட்டுமே வேறுபாடு. எனவே இரண்டிலும் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் 3 வரும். பக்கங்களை 12, 24, 48 என இரட்டித்தாலும் இதே நிலைதான்: எண் மாறும், ஆனால் எல்லா வட்டங்களுக்கும் ஒரே எண்ணாகவே மாறும். பக்கங்கள் பெருகப் பெருகப் பலகோணம் வட்டத்தோடு ஒட்டிக்கொள்கிறது. விகிதம் ஏன் மாறாமல் இருக்கிறது என்பதற்கு இதுவே காரணம். ஐந்து பொருள்களை நூலால் அளந்தால் அந்த ஐந்துக்கும் விகிதம் ஒன்று என்பது தெரியும். ஆறாவது பொருளுக்கும் அப்படித்தான் இருக்கவேண்டும் என்பதற்கான காரணம் நூலில் இல்லை, இந்த வடிவொப்புமையில் இருக்கிறது.

கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ் கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே இந்த வழியில் வெகுதூரம் சென்றிருந்தார். வட்டத்துக்கு உள்ளே ஒரு பலகோணம், வெளியே தொட்டுக்கொண்டு ஒரு பலகோணம் என இரண்டை எடுத்துக்கொண்டார். ஆறு பக்கங்களில் தொடங்கி நான்கு முறை இரட்டித்து 96 பக்கம் வரை கணக்கிட்டார். வட்டத்தின் சுற்றளவு உள்பலகோணத்தை விடப் பெரிது, வெளிப்பலகோணத்தை விடச் சிறிது. இப்படி அவர் பெற்ற முடிவு: விகிதம் 3 10/71 என்பதை விடப் பெரிது, 3 1/7 என்பதை விடச் சிறிது. பள்ளியில் நாம் எழுதும் 22/7 இந்த 3 1/7தான். அவர் அதை விகிதத்தின் மதிப்பாகத் தரவில்லை. உண்மையான மதிப்பு இதற்கு மேல் போகாது என்று வைத்த எல்லையாகவே தந்தார்.

இந்தக் கணக்கில் எந்தப் பொருளையும் அளக்கவேண்டிய தேவை இல்லை. நூல் இந்த இடத்தில் பின்னுக்குப் போய்விட்டது.

மிச்சம் விழாமல் அளக்க முடியுமா?

கி.பி. 499இல் எழுதப்பட்ட ஆரியபட்டீயம் 20,000 அலகு விட்டமுள்ள வட்டத்துக்குச் சுற்றளவு 62,832 என்கிறது. வகுத்தால் 3.1416. இதைச் சொல்லும்போது ஆரியபட்டர் 'ஆசன்னம்' என்ற சொல்லைச் சேர்க்கிறார். 'அருகில் உள்ளது' என்பது அதன் பொருள். துல்லியமான எண்ணைத் தராமல் அருகிலுள்ள எண்ணைத் தந்தது ஏன் என்ற கேள்வி இயல்பாக எழும்.

ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு, கேரளத்தைச் சேர்ந்த நீலகண்ட சோமயாஜி ஆரியபட்டீயத்துக்கு எழுதிய உரையில் அந்தக் கேள்வியை எழுப்பி விடையும் சொன்னார். அவருடைய விடை அளவுகோல் பிடித்தவர்களின் மொழியிலேயே அமைந்திருக்கிறது. ஓர் அலகால் விட்டத்தை அளக்கும்போது மிச்சம் இல்லாமல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே அலகால் சுற்றளவை அளந்தால் மிச்சம் விழும். சுற்றளவில் மிச்சம் விழாத வேறோர் அலகைத் தேர்ந்தால், அதனால் விட்டத்தை அளக்கும்போது மிச்சம் விழும். ஒரே அலகால் இரண்டையும் மிச்சமின்றி அளக்க ஒருபோதும் இயலாது. எவ்வளவு தூரம் போனாலும் மிச்சத்தைச் சிறிதாக்கலாமே தவிர இல்லாமல் ஆக்க முடியாது.

இதை அவர் நிறுவிக் காட்டவில்லை. விட்டமும் சுற்றளவும் பொது அளவு இல்லாதவை என்பதை, அதாவது π ஒரு விகிதமுறா எண் என்பதை, ஐரோப்பியக் கணித அறிஞர் யோகான் லாம்பர்ட் 18ஆம் நூற்றாண்டில் நிறுவினார். ஆனால் வகுப்பறைக்கு நீலகண்டரின் விளக்கமே நெருக்கமானது. விட்டம் சரியாக 7 செ.மீ. உள்ள டம்ளரை மாணவர் அளக்கும்போது சுற்றளவு 22 செ.மீ. கோட்டில் சரியாக நிற்பதுபோல் தோன்றும். நூலின் முனை அந்தக் கோட்டுக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு மில்லிமீட்டர் முன்னதாகவே நிற்கிறது. கண்ணுக்கு அது தெரியாது, அவ்வளவுதான்.

எண்ணே வேண்டாத ஒரு விதி

தமிழ்க் கணித மரபில் இந்த வரலாற்றோடு இணைத்துப் பார்க்கத்தக்க ஒரு விதி உண்டு. காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் வட்டத்தின் பரப்பைக் காணச் சொல்லும் வழி இது: சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கவேண்டும். சூத்திரமாக எழுதினால் πr × r, அதாவது πr².

இந்த விதியில் 3.14 இல்லை, 22/7 இல்லை. களத்து மேட்டில் நிற்பவர் கயிற்றால் சுற்றையும் குறுக்கையும் அளந்துகொண்டால் போதும், எந்த மாறிலியையும் அவர் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை. கயிறு தரும் சுற்றளவிலேயே அந்த மாறிலி அடங்கியிருக்கிறது. நூல் அளவை நேரடியாகப் பயன்படுத்துவதானால் இதைவிட எளிய விதி இல்லை. இதற்கும் ஓர் எல்லை உண்டு. கயிற்றை எவ்வளவு சரியாகப் பிடித்தோமோ அந்த அளவுக்கே பரப்பும் சரியாக இருக்கும்.

வகுப்பறைக்குத் திரும்பிய நூல்

ஐரோப்பாவில் வடிவியல் கல்வி என்றால் நெடுங்காலம் யூக்ளிடின் 'மூலங்கள்' நூலைப் படிப்பதுதான். அதில் அளவுகோலில் குறிகள் கிடையாது, செ.மீ. கணக்கு கிடையாது. வட்டங்களின் பரப்புகள் விட்டங்களின் வர்க்கங்களுக்கு ஏற்ப அமையும் என்று யூக்ளிட் 12ஆம் புத்தகத்தில் நிறுவுகிறார். ஆனால் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதம் என்ன எண் என்பதை அவர் எங்கும் தொடவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் மாணவர்கள் இந்த நூலின் தேற்றங்களை அதே வரிசையில், பலவேளைகளில் பொருள் புரியாமலே, மனப்பாடம் செய்து தேர்வு எழுதினர்.

இதை எதிர்த்தவர்களில் முக்கியமானவர் ஜான் பெரி. அயர்லாந்தில் 1850இல் பிறந்த பெரி பொறியாளர். ஜப்பானிய அரசு டோக்கியோவில் நடத்திய பொறியியல் கல்லூரியில் 1875 முதல் 1879 வரை கற்பித்தார். பிறகு லண்டன் ஃபின்ஸ்பரி தொழில்நுட்பக் கல்லூரியில் பணியாற்றினார். அங்கே அவரிடம் வந்தவர்களுக்குக் கணக்கு என்பது பட்டறையில் நாளையே தேவைப்படும் பொருள். யூக்ளிடின் வரிசையில் தொடங்கினால் அந்தத் தேவைக்கு வந்துசேரப் பல ஆண்டுகள் ஆகும் என்பதை பெரி நேரில் கண்டார். 1899இல் உழைக்கும் ஆண்களுக்காக அவர் ஆற்றிய ஆறு சொற்பொழிவுகள் 'நடைமுறைக் கணிதம்' என்ற தலைப்பில் வெளிவந்தன.

1901 செப்டம்பரில் கிளாஸ்கோ நகரில் பிரித்தானிய அறிவியல் முன்னேற்றச் சங்கத்தின் கூட்டம் நடந்தது. அங்கே கணிதம் கற்பித்தல் பற்றிய விவாதத்தைத் தொடங்கிவைத்த பெரி, தாம் விரும்பும் தொடக்கநிலைப் பாடத்திட்டத்தையும் முன்வைத்தார். அதன் அளவியல் பகுதியில் முதலில் நிற்பது நம்முடைய பாடம்தான்: உருளைகளைச் சுற்றி நூலோ அளவு நாடாவோ பிடித்தும், தட்டையோ பந்தையோ உருட்டியும், வேறு வழிகளிலும் வட்டத்தின் சுற்றளவு விதியைச் சோதனை செய்து பார்த்தல்.

பெரியின் பாடத்திட்டம் விதியைச் 'சோதித்துப் பார்' என்றது. 'கண்டுபிடி' என்று அது சொல்லவில்லை. விதி இது என்று முன்பே சொல்லப்பட்டுவிட்டது. உன் கையிலுள்ள நூலும் அளவுகோலும் அதை எந்த அளவுக்கு ஒத்துக்கொள்கின்றன என்று பார் என்பதே அதன் பொருள். இதில் 3.2 வந்த மாணவர் தோற்றவர் ஆகமாட்டார். அவர் செய்யவேண்டியது, 3.2க்கும் 3.14க்கும் இடையிலுள்ள வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று தேடுவது. பிற்காலத்தில் இந்தச் செயல்பாடு 'நீங்களே கண்டுபிடியுங்கள்' என்ற வடிவில் பரவியபோது, 3.14 வராவிட்டால் கண்டுபிடிப்பு நடக்கவில்லை என்ற எண்ணமும் கூடவே வந்துவிட்டது.

பெரியின் கருத்துகளுக்கு எதிர்ப்பும் இருந்தது. அளப்பது நிறுவுவது ஆகாது என்பது அதன் சாரம். அதில் உண்மை உண்டு என்பதை அறுகோணத்தில் பார்த்தோம். எனினும் யூக்ளிடின் பிடி தளர்ந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1903இல் தன் தேர்வுகளில் யூக்ளிடின் வரிசையைக் கட்டாயமாகக் கேட்பதைக் கைவிட்டது. அமெரிக்காவில் கணித அறிஞர் இ. எச். மூர் 1902இல் ஆற்றிய தலைமையுரையில் பெரியின் வழியை ஆதரித்து, கணிதத்தையும் ஆய்வக முறையில் கற்பிக்கலாம் என்றார்.

ஒரு மாதிரி அளவீடு

பெரி வலியுறுத்திய மற்றொரு கருவி கட்டமிட்ட தாள், இன்றைய வரைபடத்தாள். இந்தப் பாடத்தில் நூலுக்கு அடுத்தபடியாக அது எப்படி உதவுகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம்.

2 மி.மீ. தடிமன் உள்ள சணல் கயிற்றால் ஐந்து பொருள்களை அளப்பதாகக் கொள்வோம். பொருளை இரண்டு தடித்த புத்தகங்களுக்கு நடுவே நிறுத்தி, புத்தகங்களுக்கு இடையிலுள்ள தூரத்தை விட்டமாக எடுத்துக்கொள்ளலாம். கயிறு இழுபடாமல், சாயாமல், விளிம்பில் படியச் சுற்றப்படுகிறது. அளவுகள் இப்படி அமையும்:

- பாட்டில் மூடி: விட்டம் 3.0 செ.மீ., சுற்றளவு 10.1 செ.மீ., விகிதம் 3.37
- டம்ளர்: விட்டம் 7.0 செ.மீ., சுற்றளவு 22.6 செ.மீ., விகிதம் 3.23
- டப்பா: விட்டம் 12.0 செ.மீ., சுற்றளவு 38.3 செ.மீ., விகிதம் 3.19
- சாப்பாட்டுத் தட்டு: விட்டம் 25.0 செ.மீ., சுற்றளவு 79.2 செ.மீ., விகிதம் 3.17
- அண்டா மூடி: விட்டம் 40.0 செ.மீ., சுற்றளவு 126.3 செ.மீ., விகிதம் 3.16

விகிதங்களின் சராசரி 3.22. வழக்கமாக இங்கே பாடம் முடிந்து, 'ஏறக்குறைய 3.14' என்று எழுதப்படும். ஆனால் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. விகிதம் தாறுமாறாக மாறவில்லை. பொருள் பெரிதாகப் பெரிதாக அது ஒழுங்காகக் குறைந்துகொண்டே வருகிறது. கவனக்குறைவால் வரும் பிழை சிலசமயம் கூட்டும், சிலசமயம் குறைக்கும். ஒரே திசையில் போகும் பிழைக்கு ஒரு நிலையான காரணம் இருக்கவேண்டும்.

காரணம் கயிற்றின் தடிமன். கயிறு பொருளின் விளிம்பில் படிந்தாலும் அதன் நடுக்கோடு விளிம்புக்கு வெளியே 1 மி.மீ. தள்ளியே செல்கிறது. ஆகவே நாம் அளப்பது 2 மி.மீ. கூடுதல் விட்டமுள்ள வட்டத்தை. சுற்றளவில் இதனால் வரும் கூடுதல் சுமார் 0.6 செ.மீ. மூடியானாலும் அண்டா மூடியானாலும் இந்தக் கூடுதல் ஒன்றே. பத்து சென்டிமீட்டரில் அது பெரிதாகத் தெரிகிறது, நூற்றிருபத்தாறு சென்டிமீட்டரில் கரைந்துபோகிறது.

இப்போது வரைபடத்தாளில் விட்டத்தைக் கிடையாகவும் சுற்றளவைச் செங்குத்தாகவும் குறித்தால் ஐந்து புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் விழும். அந்தக் கோடு தொடக்கப் புள்ளி வழியாகப் போகாமல் அதற்கு 0.6 செ.மீ. மேலே செங்குத்து அச்சை வெட்டும். அந்த வெட்டு கயிற்றின் தடிமனைக் காட்டுகிறது. கோட்டின் சாய்வு வட்டத்தின் விகிதத்தைக் காட்டுகிறது. கோடு வரையாமலும் இதைக் காணலாம்: பெரிய பொருளின் அளவிலிருந்து சிறிய பொருளின் அளவைக் கழித்துவிட்டால், இரண்டிலும் பொதுவாக உள்ள கூடுதல் நீங்கிவிடும். சுற்றளவுகளின் வேறுபாடு 126.3 − 10.1 = 116.2. விட்டங்களின் வேறுபாடு 40.0 − 3.0 = 37.0. வகுத்தால் 3.14.

மாணவர் தம் எண்களில் ஒன்றைக்கூட அழிக்கவில்லை. 3.37 என்ற 'தவறான' விடையும் இந்தக் கணக்கில் வேலை செய்திருக்கிறது.

பிழைகளை அடையாளம் காண்பது

நூல் தரும் எல்லாப் பிழைகளும் இப்படிக் கழித்தால் போவதில்லை. மூன்று பிழைகள் அடிக்கடி நேர்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் உண்டு.

முதலாவது, விட்டத்துக்குப் பதிலாக வேறொரு நாணை அளப்பது. தட்டின் மையம் எங்கே என்று தெரியாமல் அளவுகோலைக் கண்மதிப்பாக வைத்தால் இது நேரும். 25 செ.மீ. தட்டில் அளவுகோல் மையத்திலிருந்து 2 செ.மீ. விலகினால் கிடைப்பது 24.7 செ.மீ. வட்டத்தில் விட்டத்தை விட நீண்ட நாண் இல்லை என்பதால் இந்தப் பிழை விகிதத்தை எப்போதும் கூட்டும், ஒருபோதும் குறைக்காது. அளவுகோலின் ஒரு முனையை விளிம்பில் நிலையாக வைத்து மறுமுனையை அசைத்து, கிடைக்கும் மிகப்பெரிய அளவை எடுத்துக்கொண்டால் பிழை நீங்கும்.

இரண்டாவது, நூல் நீள்வது. கம்பளி நூல் போன்றவற்றை இறுக்கிச் சுற்றி, பிறகு தளர்வாக அளவுகோலில் வைத்தால் நீளம் குறைந்து காட்டும். நூல் 2 விழுக்காடு நீண்டிருந்தால் எல்லாப் பொருள்களுக்கும் விகிதம் 3.08 என்றே வரும். எல்லா விடைகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும், ஆனால் எல்லாமே தவறு. விகிதம் மாறாமல் இருப்பது மட்டும் அளவு சரி என்பதற்குச் சான்று ஆகாது என்பதை இந்தப் பிழை காட்டுகிறது. இதைக் கண்டறிய, நேரான அளவுகோலின் மீதே அந்த நூலை முதலில் இறுக்கிப் பிடித்தும் பிறகு தளர்வாக வைத்தும் பார்க்கவேண்டும்.

மூன்றாவது, நூலில் குறியிடும்போது வரும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடுமாற்றம். மெல்லிய தையல் நூலைப் பத்துச் சுற்று அருகருகே சுற்றி, மொத்த நீளத்தைப் பத்தால் வகுத்தால் இந்தத் தடுமாற்றமும் பத்தில் ஒன்றாகிவிடும். சிறிய பொருள்களுக்கு இதுவே ஏற்ற வழி. ஆனால் நூலின் தடிமனால் வரும் கூடுதல் ஒவ்வொரு சுற்றிலும் இருப்பதால், அது இதில் குறையாது.

நூலின் எல்லை

10 செ.மீ. விட்டமுள்ள பொருளில் விட்டத்தை ஒரு மில்லிமீட்டர் கூட்டியோ குறைத்தோ வாசித்தால் விகிதம் 3.11 முதல் 3.17 வரை எங்கும் வரலாம். ஆகவே பள்ளி அளவுகோலும் நூலும் கொண்டு, '3 அல்ல, மூன்றுக்கு மேல் ஏழில் ஒரு பங்கு போல' என்று உறுதியாகச் சொல்ல முடியும். 22/7 சரியா, 3.1416 சரியா என்று அதே கருவிகளால் சொல்ல முடியாது. ஒரு மீட்டர் விட்டமுள்ள வட்டத்திலேயே இந்த இரண்டு மதிப்புகளும் தரும் சுற்றளவுகளுக்கு இடையே 1.3 மி.மீ. வேறுபாடுதான் உண்டு. கணிப்பானில் வகுத்து 3.1405405 என்று எட்டு இலக்கம் எழுதும் மாணவர், தம் நூல் சொல்லாத பலவற்றை எழுதுகிறார். முதல் மூன்று இலக்கங்களோடு நிறுத்திக்கொள்வதே அளவுக்கு உண்மையாக இருப்பது.

இதே எல்லையில்தான் வெண்கலத் தொட்டியை முழத்தால் அளந்தவர்களும் நின்றார்கள். அதைத் தாண்ட ஆர்க்கிமிடீசும் லியூ ஹுயும் பலகோணத்தின் பக்கங்களை இரட்டித்தார்கள். தாண்டினாலும் பயணம் முடியாது என்று நீலகண்டர் சொன்னார். மாணவரின் குறிப்பேட்டில் உள்ள 3.2 இந்த நீண்ட வழியின் முதல் அடி. அதை அழிக்காமல் வைத்துக்கொண்டு, அருகில் நூலின் தடிமன் எவ்வளவு என்று எழுதச் சொன்னால் அடுத்த அடிக்கு வழி திறக்கும்.